தலைகீழாகத் தெரிந்த கல்யாணப் பந்தல்

2024 ஆகஸ்ட் பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து இருபது. மலை மேல் மழை. கீழே திருப்பதியில் வெறும் புழுக்கம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நான் ஜோசியச் சீட்டு கலைத்துக்கொண்டிருந்தேன். நான் என்றால், சித்தூரில் முப்பத்துநான்கு வருடம் ஜூனியர் காலேஜ் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். என்னிடம் படித்த யாராவது அந்த நேரத்தில் ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தால் நான் அங்கேயே ஜன்னல் வழியாகக் குதித்திருப்பேன். (முதல் மாடிதான். கால் மட்டும் போயிருக்கும்.)

என்னை மாடியேற்றியது என் மகள் கீர்த்தனா. ஒரே மகள். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் கூட வரும் சந்து என்ற பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் பாகாலாக்காரன். அவர்கள் தெலுங்கு, நாங்கள் நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். சாதியும் வேறு. பாகாலாவில் பையனின் அப்பா ரங்கய்யா சிமெண்ட் கடையில் உட்கார்ந்துகொண்டு முடியாது என்றார். சித்தூரில் நான் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு முடியாது என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அந்த ஒரு வார்த்தையில் மட்டும் ஒற்றுமையாக இருந்தோம்.

ஓடிப்போகிறேன் என்று அவள் மிரட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஊரும் என் பக்கம் நின்றிருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"நைனா, உங்களுக்குத் தெரியாம நான் எதுவும் செய்யமாட்டேன். நீங்களும் அவங்க அப்பாவும் மனசார சரின்னு சொன்னாத்தான் தாலி. வாய்க்கு வந்த சரி எனக்கு வாணாம். எத்தினி வருஷம் ஆனாலும் இருக்கேன்."

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

முதலில் ஜாதகத்தை நம்பினேன். பொருந்தாது என்று ஜோசியர் சொல்லிவிட்டால் பழி கிரகங்களுக்குப் போகும். பையனின் பிறந்த நேரத்தை மகளிடமே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அந்த மனிதர் கட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, பத்துக்கு எட்டு பொருந்துகிறது, தாராளமாகச் செய்யலாம் என்றார். என் வாழ்க்கையில் எண்பது சதவீதத்தைப் பார்த்து முகம் சுருங்கியது அன்றுதான். வீட்டில் இதைச் சொல்லவில்லை. ஜோசியர் ஊரில் இல்லை என்றேன்.

அதற்குப் பிறகுதான், என்னோடு வேலை பார்த்த தெலுங்கு லெக்சரர் ஒருவர் திருப்பதியில் டாரட் சீட்டு பார்க்கும் அம்மாவைப் பற்றிச் சொன்னார். பெயர் கலைவாணி. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். முன்பு ஒரு லாட்ஜில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவராம். மகளிடம் பேசுங்கள் என்று என் மனைவி சரோஜா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "வளத்த பொண்ணுகிட்ட பேசறத உட்டுட்டு ஊரெல்லாம் கேட்டுக்கினு திரியறீங்களே" என்றாள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

குட்டையான ஒரு மேஜை. மேல் கறுப்புத் துணி. சுவரோடு சாய்ந்து கலைவாணி தரையில் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான். முழங்கால் வலிக்கு ஒரு தலையணை கொடுத்தார். எல்லாம் மரியாதையாகத்தான் நடந்தது.

என் கேள்வியை எழுதியே கொண்டுபோயிருந்தேன். 'இந்தச் சம்பந்தம் எப்போது முறியும்?' அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், எப்போன்றத சீட்டு சொல்லாது. உங்க பொண்ணு மனசுல என்னா இருக்குதுன்னும் சொல்லாது. அவ இங்க இல்ல, என்னைக் கேக்கச் சொல்லவும் இல்ல. கேக்கறவர் எங்க நின்னுக்கினு இருக்கார், எதப் பாக்காம உட்டுட்டார், அதத்தான் காட்டும். கேள்விய மாத்திக்கலாமா?"

கடைசியில் கேள்வி, 'என் மகள் விஷயத்தில் நான் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்' என்று ஆயிற்று. நூறு மதிப்பெண் வினாத்தாளைக் கொண்டுபோனவனுக்கு ஒரு மார்க் கேள்வி கிடைத்த மாதிரி இருந்தது.

சீட்டுகளை என் கையில் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன். எழுபத்தெட்டு. அதில் பெரிய சீட்டு இருபத்திரண்டு, வாழ்க்கையின் பெரிய திருப்பங்களுக்கு. மீதி ஐம்பத்தாறு நாலு வகை: கோப்பை மனசுக்கு, வாள் புத்திக்கும் பேச்சுக்கும், காசு பொருளுக்கும் உடம்புக்கும், கோல் காரியத்துக்கு. வகைக்குப் பதினாலு. நமது ரம்மிச் சீட்டு போலத்தான், ஒவ்வொரு வகையிலும் ஒரு படம் அதிகம். நான் கலைக்கும்போது அவரே சீட்டில் பாதியை வாங்கித் தலைமாற்றிக் கொடுத்தார். அப்போதுதான் சில சீட்டு நேராகவும் சில தலைகீழாகவும் விழுமாம். நேராக விழுந்தால் ஒரு பொருள். தலைகீழாக விழுந்தால் அந்தப் பொருள் அடைபட்டிருக்கிறது, அல்லது அளவு மீறிப் புரண்டிருக்கிறது. இடது கையால் மூன்று கட்டாக வெட்டச் சொன்னார். வெட்டினேன்.

சீட்டைத் திருப்புவதற்கு முன்பே ஏழு இடத்துக்கும் பொருள் சொல்லிவிட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. விழுந்த பிறகு இடத்துக்குப் பொருள் சொன்னால் அது ஏமாற்று என்று எனக்கே தெரியும். முதல் இடம் பெண், இரண்டாவது பையன், மூன்றாவது இருவருக்கும் நடுவில் இருப்பது, நாலாவது குறுக்கே நிற்பது, ஐந்தாவது அந்தக் குறுக்குக்கு அடியில் இருக்கும் காரணம், ஆறாவது நான் செய்யவேண்டியது, ஏழாவது இப்படியே போனால் போய்ச் சேரும் இடம். புத்தகப் பக்கத்தைப் புரட்டுவதுபோலப் பக்கவாட்டில் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கீழிருந்து மேலாகப் புரட்டினால் சீட்டின் தலை மாறிவிடும் என்றார். இவ்வளவு ஜாக்கிரதை!

பெண் இடத்தில் வாள் ராணி விழுந்தாள். யோசித்து முடிவெடுப்பவள், வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகப் பேசுபவள் என்றார் கலைவாணி. பையன் இடத்தில் காசு பிடித்த குதிரைவீரன். நாலு வகையிலும் குதிரை நிற்கிற வீரன் இவன் ஒருவன்தான், மெதுவாக வருவான், விட்டுவிட்டுப் போகமாட்டான் என்றார். நடுவில் இரண்டு கோப்பை. ஆணும் பெண்ணும் ஒருவருக்கொருவர் கோப்பை நீட்டும் படம். இதற்கு விளக்கம் எனக்கே தேவைப்படவில்லை. எல்லாமே நேராக விழுந்திருக்கிறது என்றார்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றும் தலைகீழாக இருந்தன. ராணி தலைகீழாக, குதிரை காலை மேலே தூக்கிக்கொண்டு, கோப்பைகள் கவிழ்ந்து. எதுவும் சொல்லவில்லை. (அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.)

நாலாவது, குறுக்கே நிற்பது. சக்கரவர்த்தி. சிம்மாசனத்தில், கையில் செங்கோலோடு, என்னை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு. எனக்கு உடம்பு நிமிர்ந்தது. கலைவாணி கொஞ்சம் தயங்கி, "இது மட்டும் தலைகீழா விழுந்திருக்கு சார்" என்றார். வீட்டுப் பெரியவரின் அதிகாரம் அளவு மீறிவிட்டது, பிடிவாதம்தான் குறுக்கே நிற்கிறது என்று விளக்கினார். அந்த நிமிஷம் அவர்மேல் இருந்த நம்பிக்கை எனக்கு முழுசாகப் போய்விட்டது. கண்ணெதிரே ராஜா போல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், இந்த அம்மா தலைகீழ் என்கிறாரே.

ஐந்தாவது, ஐந்து காசு. பனியில் கந்தலோடு நடக்கும் இருவர். பக்கத்தில் வெளிச்சம் உள்ள ஜன்னல். சொந்தக்காரர்கள் ஒதுக்கி வெளியே நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் என்றார். என் அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. உடனே அதை விரட்டினேன். ஆறாவது, நான் செய்யவேண்டியது: நீதி. ஒரு கையில் தராசு, ஒரு கையில் வாள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், மகளிடம் உங்கள் பயத்தையே சொல்லுங்கள் என்றார். ஏழாவது, நாலு கோல். நாலு கம்பு நட்டு மேலே மாலை கட்டிய பந்தல். விசேஷம் நடக்கும் என்றார்.

எனக்கு அந்தப் பந்தல் கால் மேலே, மாலை கீழே என்று தொங்கியது.

சந்தேகமாக இருக்கிறது, இன்னொரு தடவை கலைத்துப் போடலாமா என்று கேட்டேன். ஒரே கேள்வியை உடனே திருப்பிக் கேட்டால், பிடித்தது விழும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம், அதில் ஒன்றும் தெரியாது என்று மறுத்துவிட்டார். இது முடிந்துபோன தீர்ப்பு இல்லை, இன்றைக்கு நிற்கும் நிலை, நீங்கள் மாறினால் இதுவும் மாறும் என்றும் சொன்னார். படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டேன். தாராளமாக என்றார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்தேன். கைகூட ஆடவில்லை, அவ்வளவு தெளிவு.

வீட்டுக்கு வந்து, டாரட் சீட்டுக்குப் பொருள் சொல்லும் தளம் ஒன்றைப் போனில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு சீட்டில் ஆறு தலைகீழ். பெண்: தலைகீழ் வாள் ராணி, கசப்பு, அவசர முடிவு. பையன்: சோம்பேறி. நடுவில்: பிணக்கு, பிரிவு. ஐந்து காசு: கஷ்டம் தீரும். பந்தல்: தடைபட்ட விசேஷம். குறுக்கே நிற்கும் சக்கரவர்த்தி மட்டும் நேர்: உறுதியான, நியாயமான தகப்பன். ஏழில் ஆறு! ஜோசியரின் எண்பது சதவீதத்தை எண்பத்தைந்தே முக்காலால் அடித்துவிட்டேன். அந்த அம்மா வந்தவர் மனம் நோகாமல் நல்லதையே சொல்லி அனுப்புகிறார், சீட்டு உண்மையைச் சொல்லிவிட்டது என்று முடிவுகட்டினேன்.

மிச்சம் இருந்தது ஆறாவது. தலைகீழ் நீதி: மறைத்தல், நேர்மையின்மை. அது நான் செய்யவேண்டியது என்ற இடத்தில் விழுந்திருக்கிறது. அதாவது, மறைக்கச் சொல்கிறது! இத்தனை வயதில் இப்படி ஒரு அனுமதி கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே பாகாலா போனேன். ரங்கய்யா சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் திட்டத்தைச் சொன்னேன். நாம் இருவரும் சரி என்று சொல்லிவிடுவோம். கல்யாணத்தைத் தள்ளி மாசிக்கு வைப்போம். அதற்குள் அதுகளே சண்டை போட்டுப் பிரிந்துவிடும். பழி நம் மேல் வராது. அவர் போனை வாங்கிப் படத்தை வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் பந்தல் தலைகீழாகத்தான் தெரிந்தது. நான் காட்டிய மாதிரிதானே பார்ப்பார்.

"மாஸ்டாரு, இது நிஜமேனா?"

"ஏழுக்கு ஆறுங்க."

"அட்லாயித்தே சரே" என்றார், அப்படியானால் சரி என்று. இரண்டு டீ வந்தது. கல்யாணமே நடக்காமல் அன்றைக்கே நாங்கள் சம்பந்திகள் ஆகிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சரி என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "மனசாரவா நைனா?" என்று கேட்டாள். "மனசார" என்றேன். அவள் அழுதாள். சின்ன வயதில் என் சட்டையில் மூக்கைத் துடைப்பாளே, அதே மாதிரி துடைத்தாள். எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. நானும் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அந்தக் கையை இப்போது பார்த்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அதற்குப் பிறகு ஆறு மாதம் ரங்கய்யாவும் நானும் போனிலேயே குடித்தனம் நடத்தினோம். ஏதாவது சண்டை உண்டா என்று நான் கேட்பேன். நேற்று பையன் முகம் சரியில்லை என்பார். சந்தோஷமாகப் படுப்பேன். மறுநாள் பார்த்தால் அவனுக்குப் பல்வலியாம். நிச்சயதார்த்தப் புடவையின் நிறத்தில் தகராறு வரும் என்று எதிர்பார்த்தோம். இரண்டு பேரும் ஒரே நிறத்தைக் காட்டினார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியபோது, ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்று நான் மூன்று தடவை கேட்டதில் மேனேஜர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பத்திரிகை அச்சானது. பந்தல்காரன் கம்பு இறக்கினான். சண்டை மட்டும் வரவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பொறுக்கமுடியாமல் திருப்பதிக்கு ஓடினேன். உங்கள் சீட்டு பொய், ஏழில் ஆறு தலைகீழாக விழுந்தும் எதுவுமே நடக்கவில்லை என்று கலைவாணியிடம் சத்தம் போட்டேன். அவர் படத்தைக் கேட்டார். கொடுத்தேன். பார்த்தார். போனைக் கறுப்புத் துணியின் மேல் வைத்து, இரண்டு விரலால் மெதுவாக, தலை இருந்த பக்கம் கால் வரும்படி திருப்பினார். பந்தல் கால் ஊன்றி நின்றது. குதிரை இறங்கி நின்றது. ராணி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சக்கரவர்த்தி மட்டும் கிரீடம் தரையில் முட்ட, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"சார், அன்னிக்கு நீங்க என் எதிர்ல உக்காந்திருந்தீங்க. படிக்கிறவ பக்கத்துல இருந்து பாத்தாத்தான் நேர். நான் வாயால சொன்னேனே, நேரா விழுந்திருக்குதுன்னு."

முப்பத்துநான்கு வருடம் கரும்பலகையில் அச்சு வரைந்தவன் நான். எந்தப் புள்ளியிலிருந்து அளக்கிறோம் என்பதை முதலில் எழுது, இல்லாவிட்டால் மார்க் கிடையாது என்று எத்தனை பையன்களைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்!

தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனி என்ன செய்வது என்று கேட்டேன். அவர் சீட்டைத் தொடவே இல்லை.

"இதுக்கு சீட்டு வாணாம் சார். பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. வேற யாரும் சொல்றதுக்குள்ள."

சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது வார்த்தைகூட அடுக்கிக்கொண்டேன். வீட்டு வாசலில் அவள் உட்கார்ந்து மருதாணி காயவைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணை இப்போது ஏன் கலங்கடிப்பது, முடிந்த பிறகு சொல்லலாம் என்று உள்ளே போய்விட்டேன். இது கருணை என்று அன்றைக்கு நினைத்தேன். கோழைத்தனம்தான்.

கல்யாணம் நடந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் அண்ணன் வரவில்லை. ஐந்து காசுச் சீட்டில் பயந்த பயம் பலித்தது. பலித்து என்ன ஆயிற்று? ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதில் யாரோ பையை வைத்தார்கள். அவ்வளவுதான்.

பந்தியில் ரங்கய்யா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மனிதர் அன்று சந்தோஷத்தில் மிதந்தார். மருமகளை அவருக்கு எப்போதோ பிடித்துப்போய்விட்டது. என்னிடம் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறார். சீட்டு திரும்பிய கதையை நான் முதல்நாள்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். பாயசம் வந்ததும் அதைப் பந்தி முழுக்கத் தெலுங்கும் தமிழுமாகச் சொல்ல ஆரம்பித்தார். மாஸ்டாரும் தானும் சேர்ந்து இந்தக் கல்யாணம் நிற்கும் என்று நம்பித்தான் சரி சொன்னோம் என்று, தன்னையும் சேர்த்துத்தான் கேலி செய்தார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. இலைக்கு இலை என் போன் போயிற்று. ஒவ்வொருவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

மாப்பிள்ளையும் கீர்த்தனாவும் பந்தியில் உபசாரம் சொல்லிக்கொண்டு வந்தார்கள். போன் அவள் கைக்கு வந்தது. அவளும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு என் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குனிந்தாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"நைனா, மனசாரவான்னு நான் கேட்டேனே. அப்பவும் இத நெனச்சிக்கினுதான் சொன்னீங்களா?"

என் வாயில் பாயசம் இருந்தது. விழுங்கினேன். அந்த விழுங்கலையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். சரியாகத்தான் எடுத்துக்கொண்டாள். "சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

இப்போது குடும்பத்தில் நான் எதைச் சொன்னாலும், "எந்தப் பக்கம் உக்காந்து பாத்தீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. சாம்பாரில் உப்பு அதிகம் என்றால் கேட்கிறார்கள். மழை வரும் என்றால் கேட்கிறார்கள். நான் பேப்பர் படித்தால், "மாஸ்டாரு, நேரா பட்டுக்கோண்டி", நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ரங்கய்யா போனிலேயே சொல்கிறார். சரோஜா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மாப்பிள்ளை, மரியாதைக்காரப் பையன், வேறு பக்கம் திரும்பிச் சிரிக்கிறான். கீர்த்தனா சிரிப்பதில்லை. பண்டிகைக்கு வருகிறாள், காலில் விழுகிறாள், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள். முன்பெல்லாம் ஆபீசில் நடந்தது, பஸ்ஸில் நடந்தது எல்லாம் என்னிடம்தான் வந்து கொட்டுவாள். இப்போது அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா எனக்குச் சொல்கிறாள்.

கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் என் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய் வந்து விழுந்தது. தப்பாக அனுப்பிவிட்டாளோ என்று சரோஜாவை விட்டுக் கேட்டேன். தப்பு இல்லையாம். மனசில்லாமல் செய்த கல்யாணத்துக்கு உங்கள் காசு வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்களாம். திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தது. பேசிப் பார்த்தேன். "பரவால்ல நைனா, இருக்கட்டும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பதினாலு மாதம் வந்தது. நான் செலவழித்த நாலு லட்சத்து இருபதாயிரமும் போன மாதத்தோடு தீர்ந்துவிட்டது.

ஆக, என் ஒரே மகளின் கல்யாணத்துக்கு என் கையிலிருந்து கடைசியாகப் போனது, சீட்டு பார்த்த கூலியும் இரண்டு தடவை திருப்பதி போய்வந்த பஸ் செலவும் மட்டும்தான். ஆயிரத்து இருநூறு ரூபாய்.